வாய்க்கால் வயலும் வானம் பார்த்த வயலும்

நெல் அறுவடைக்கு நிற்கும் வயலின் தென்மேற்கு மூலையில் இருந்து ஒருவர் காலடிகளை எண்ணிக்கொண்டே வரப்போரம் நடக்கிறார். கையில் இருக்கும் தாளில் இரண்டு எண்கள். முதல் எண் முடிந்த இடத்தில் திரும்பி, இரண்டாம் எண் அளவுக்கு வயலுக்குள் இறங்குகிறார். அங்கே ஒரு முளைக்குச்சி அடிக்கப்படுகிறது. அதிலிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். “அந்தப் பக்கம் இன்னும் நல்லா விளைஞ்சிருக்கே, அங்க அறுக்கக் கூடாதா?” என்று வயல்காரர் கேட்டால் கூடாது என்பதுதான் பதில். எண் எங்கே கொண்டு நிறுத்துகிறதோ அங்கேதான் அறுக்க வேண்டும்.

இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். மாவட்டத்தின் நெல் விளைச்சல் இவ்வளவு என்று அரசு வெளியிடும் புள்ளிவிவரமும், பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு உண்டா இல்லையா என்ற முடிவும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சதுரங்களில் இருந்தே பிறக்கின்றன. 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு. சில டஜன் சதுரங்கள் ஒரு வட்டாரம் முழுவதற்கும் வாய் திறந்து பேச வேண்டும்.

டீக்கடையில் எழும் சந்தேகம் சதுரத்தின் அளவைப் பற்றியது அல்ல. “சீட்டு குலுக்கித்தான் எடுத்தாங்க, இல்லேங்கல. ஆனா விழுந்ததெல்லாம் வாய்க்கால் பாசன வயலா விழுந்திருச்சே. மானாவாரிக்காரன் கதை என்னாவது?” குலுக்கலில் எந்தத் தில்லுமுல்லும் நடக்கவில்லை. எல்லா வயலுக்கும் சமமான வாய்ப்பு இருந்தது. ஆனாலும் கிடைத்த சராசரி நிலவரத்தோடு ஒட்டவில்லை. நேர்மையான குலுக்கல் எப்படித் தப்பான படத்தைத் தரும்? அதைவிட முக்கியமாக, எவ்வளவு தப்பான படத்தைத் தரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சொல்ல முடியும். அதற்கு ஆறு வயல்கள் போதும்.

ஒரு கற்பனைக் கிராமத்தில் ஆறே வயல்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று, வாய்க்கால் பாசனம். அவற்றில் ஏக்கருக்கு 30, 31, 32 மூட்டை. மற்ற மூன்றும் வானம் பார்த்த பூமி. அங்கே 10, 11, 12 மூட்டை. கூட்டி வகுத்தால் கிராமத்தின் சராசரி 21 மூட்டை. இது நமக்குத் தெரியும், கணக்கெடுக்க வருபவருக்குத் தெரியாது. அவரால் இரண்டு வயல்களை மட்டுமே அறுத்துப் பார்க்க முடியும். ஆறு சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி இரண்டை எடுக்கிறார். எந்த இரண்டும் சம வாய்ப்போடு வரக்கூடிய இந்த முறைக்கு எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பு என்று பெயர்.

ஆறில் இரண்டை எடுக்கப் பதினைந்து வழிகள் உண்டு. பதினைந்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதில் ஒன்பது சோடிகளில் ஒரு வாய்க்கால் வயலும் ஒரு மானாவாரி வயலும் வருகின்றன. இந்த ஒன்பதின் சராசரிகளும் 20க்கும் 22க்கும் இடையே, உண்மையை ஒட்டியே விழுகின்றன. மிச்சம் ஆறு சோடிகள்தான் தலைவலி. மூன்றில் இரண்டுமே வாய்க்கால் வயல், ஆகவே சராசரி 31ஐச் சுற்றி. மூன்றில் இரண்டுமே மானாவாரி, ஆகவே 11ஐச் சுற்றி. பதினைந்தில் ஆறு என்றால் நூற்றுக்கு நாற்பது முறை கிராமத்தின் விளைச்சல் பத்து மூட்டை கூட்டியோ குறைத்தோ சொல்லப்படும். டீக்கடைப் புகார் கெட்ட நேரத்தால் வந்ததல்ல, அந்தக் குலுக்கலின் சுபாவம் அது.

இந்தச் சுபாவத்தை ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. பதினைந்து சோடிகளின் சராசரியும் உண்மையான 21இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்தி, பிறகு சராசரி காண வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கில் இதற்கு விலக்க வர்க்கச் சராசரி என்று பெயர். நம் ஆறு வயல்களுக்கு இது ஏறக்குறைய 40 என்று வருகிறது. வர்க்கமூலம் எடுத்தால் 6.3 மூட்டை. அதாவது ஒரு குலுக்கல் வழக்கமாகத் தவறக்கூடிய தூரம்.

இங்கே பலர் சறுக்குவார்கள், ஆகவே கொஞ்சம் நிதானிக்கலாம். வயலுக்கு வயல் விளைச்சல் மாறுவது ஒரு சிதறல். அது நிலத்தில் இருக்கிறது, யாராலும் மாற்ற முடியாது. இப்போது அளந்தது அது அல்ல. இதே குலுக்கலைத் திரும்பத் திரும்ப நடத்தினால், கிடைக்கும் மாதிரிச் சராசரி எவ்வளவு ஆடும் என்பதை அளந்தோம். இந்த ஆட்டம் பாதி நிலத்தைச் சார்ந்தது, பாதி குலுக்கும் விதத்தைச் சார்ந்தது. குலுக்கும் விதம் நம் கையில் இருக்கிறது.

சரி, விதத்தை மாற்றுவோம். ஆறு சீட்டையும் ஒரே குடத்தில் போடாமல், வாய்க்கால் வயல்களுக்கு ஒரு குடம், மானாவாரிக்கு ஒரு குடம் என்று பிரித்துவிட்டு, குடத்துக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு குடத்தையும் அடுக்கு என்றும், இந்த முறையை அடுக்குக் கூறெடுப்பு என்றும் சொல்லலாம். இப்போது வரக்கூடிய சோடிகள் ஒன்பதுதான். அவை மேலே பார்த்த அதே நல்ல ஒன்பது. விலக்க வர்க்கச் சராசரி 40இலிருந்து 0.33க்குச் சரிகிறது. வழக்கமான தவறு 6.3 மூட்டையிலிருந்து அரை மூட்டைச் சொச்சத்துக்கு வந்துவிடுகிறது.

அறுத்தது அதே இரண்டு வயல்தான். கயிறும் அதே, தராசும் அதே. அடுக்குமுறை புதிதாக எந்த நல்ல சோடியையும் கொண்டுவரவில்லை. ஒன்பதும் பழைய குலுக்கலிலேயே இருந்தவை. அது செய்த ஒரே காரியம், அந்த ஆறு விபரீதச் சோடிகளும் வரவே முடியாதபடி கதவைச் சாத்தியதுதான்.

இதன் காரணத்தை இன்னொரு பக்கத்தில் இருந்தும் பார்க்கலாம். ஆறு வயல்களும் 21இலிருந்து விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 604 வருகிறது. இந்த 604 சரியாக இரண்டு துண்டாகப் பிரியும். வாய்க்கால் வயல்களின் சராசரி 31, மானாவாரியின் சராசரி 11, இரண்டும் 21இலிருந்து பத்துப் பத்து தள்ளி நிற்கின்றன. இந்த வித்தியாசத்தால் மட்டும் வரும் பங்கு 600. வாய்க்கால் வயல்கள் தங்களுக்குள், மானாவாரி வயல்கள் தங்களுக்குள் வேறுபடுவதால் வரும் பங்கு வெறும் 4. ஒரே குடத்தில் குலுக்கினால் 604 முழுவதும் தலையில் விழும். குடத்துக்கு ஒன்று எடுத்தால் 600 கணக்குக்குள்ளேயே வராது, 4 மட்டும்தான் வரும். அடுக்குகளுக்கு இடையே எவ்வளவு பெரிய மலை இருந்தாலும் கவலை இல்லை. அடுக்குக்கு உள்ளே இருக்கும் மேடுபள்ளம் மட்டுமே தவறாக மாறுகிறது. கேரியரில் சாப்பாடு வந்தால் ஓர் அடுக்கில் சோறு, ஓர் அடுக்கில் சாம்பார், ஓர் அடுக்கில் பொரியல். சாம்பாரில் உப்பு பார்க்க ஒரு சொட்டு போதும், ஏனென்றால் சாம்பார் முழுக்கச் சாம்பார்தான். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுக் கண்ணை மூடி ஒரு கை எடுத்தால், என்ன வாயில் விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

600ஐ அப்படிச் சும்மா தள்ளிவிட முடிவது எப்படி? இலவசமாக இல்லை. கிராமத்தில் பாதி வாய்க்கால், பாதி மானாவாரி என்பது முன்பே தெரிந்திருக்கிறது. நிஜ வாழ்க்கையில் அது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கிறது: எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று. ஒற்றைக் குடத்தில் குலுக்குபவர் இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்தாமல், பாதிக்குப் பாதி என்ற விகிதத்தையும் சீட்டே தற்செயலாகக் கண்டுபிடித்துத் தரட்டும் என்று விட்டுவிடுகிறார். பதினைந்தில் ஆறு முறை சீட்டு அதைக் கண்டுபிடிக்கத் தவறுகிறது. அடுக்குமுறையில் அந்த விகிதம் அடங்கலில் இருந்து வருகிறது, ஆகவே அதில் ஆட்டம் இல்லை.

அப்படியானால் எப்படிப் பிரித்தாலும் லாபம்தானா? அதையும் அதே ஆறு வயல்களில் சோதித்துவிடலாம். பாசனத்தை விட்டுவிட்டு, வயல்காரர் பெயரின் முதலெழுத்தை வைத்துப் பிரிப்பதாகக் கொள்வோம். 30, 31, 10 மூட்டை வயல்கள் ஒரு குடத்துக்கும், 32, 11, 12 மூட்டை வயல்கள் இன்னொரு குடத்துக்கும் போய்விட்டன. குடத்துக்கு ஒன்று எடுத்தால் ஒன்பது சோடிகள். அதில் 30–32, 31–32, 10–11, 10–12 என்று நான்கு விபரீதச் சோடிகள் இருக்கின்றன. ஒன்பதில் நான்கு, நூற்றுக்கு நாற்பத்து நான்கு. விலக்க வர்க்கச் சராசரி 47க்கு ஏறுகிறது. பிரிக்காமலே இருந்திருந்தால் 40தான்! வயல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது இந்த நஷ்டம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் லாபமும் இருக்காது. ஒவ்வொரு குடத்துக்குள்ளும் ஒரே மாதிரியான வயல்கள் இருந்தால்தான் பிரித்ததற்குப் பலன்.

ஆறு வயல் கணக்கில் மானாவாரியும் வாய்க்காலும் ஒரே அளவு சீராக இருந்தன. நிஜத்தில் அப்படி இருக்காது. வாய்க்கால் வயல்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மானாவாரியில் ஒரு வயலுக்கு மழை பெய்திருக்கும், அடுத்த வயலுக்குத் தூறலோடு போயிருக்கும். இன்னொரு கற்பனை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 60 பங்கு வயல்கள் வாய்க்கால் பாசனம், சராசரி 30 மூட்டை, வழக்கமான விலகல் 3. மீதி 40 பங்கு மானாவாரி, சராசரி 12, வழக்கமான விலகல் 6. வட்டாரத்தின் உண்மைச் சராசரி 22.8 மூட்டை. முப்பது வயல்களை அறுக்கப் பணமும் ஆளும் இருக்கின்றன.

ஒற்றைக் குடத்தில் முப்பதையும் எடுத்தால் வழக்கமான தவறு 1.8 மூட்டை. அடுக்குகளாகப் பிரித்து, பங்குக்கு ஏற்ப 18 வாய்க்கால் வயல், 12 மானாவாரி வயல் என்று எடுத்தால் 0.8 மூட்டை. ஒற்றைக் குடத்தில் இதே துல்லியம் வேண்டுமானால் முப்பதுக்குப் பதிலாக ஏறக்குறைய 148 வயல்களை அறுக்க வேண்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு வயலுக்கும் அலுவலர் ஒருவர் குறித்த நாளில் நேரில் போய் நிற்க வேண்டும் என்பதை நினைத்தால், 118 வயல் மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னும் கொஞ்சம் பிழிய முடியுமா என்று கேட்டவர் யெர்சி நெய்மன். போலந்திலிருந்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்திருந்த அவர், 1934 ஜூனில் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டியின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். மாதிரிக் கணக்கெடுப்பின் சரித்திரத்தை அந்தக் கட்டுரைக்கு முன், பின் என்று பிரிப்பது வழக்கம். அதில் அவர் வைத்த எளிய யோசனை: எந்த அடுக்கு பெரியதோ அங்கே அதிகம் எடு, எந்த அடுக்கு உள்ளே அதிகம் சிதறியிருக்கிறதோ அங்கேயும் அதிகம் எடு. பங்கையும் விலகலையும் பெருக்கிப் பார்த்து, அந்த விகிதத்தில் மாதிரியைப் பகிர்ந்தால் தவறு மிகக் குறைவாக இருக்கும். நம் வட்டாரத்தில் 60ஐ 3ஆல் பெருக்கினால் 180, 40ஐ 6ஆல் பெருக்கினால் 240. ஆகவே 13 வாய்க்கால் வயல், 17 மானாவாரி வயல். சிறுபான்மையான மானாவாரிக்குப் பெரும்பங்கு போகிறது. சாம்பாருக்கு ஒரு சொட்டு போதும், அவியலுக்கு நாலு கரண்டி வேண்டும் என்ற கணக்கு. இதே விதியை ருஷ்யரான சுப்ரோவ் 1923லேயே வெளியிட்டிருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது. அந்த முன்னுரிமையை நெய்மன் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஆனால் இந்தப் பிழிதலில் நம் வட்டாரத்துக்குக் கிடைப்பது என்ன? தவறு 0.81 மூட்டையிலிருந்து 0.77க்கு இறங்குகிறது. அவ்வளவுதான். பெரிய லாபம் முழுவதும் ஒழுங்காகப் பிரித்ததிலேயே வந்துவிட்டது. சிதறல்கள் பத்து மடங்கு, இருபது மடங்கு வேறுபடும் இடங்களில், உதாரணமாகப் பெரிய ஆலைகளும் குடிசைத் தொழில்களும் கலந்த கணக்கெடுப்புகளில், நெய்மன் பங்கீடு கணிசமாக உதவும். வயல்களுக்கு அது மேல்பூச்சு.

நெய்மனின் கட்டுரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி கெழுவுக்குப் பெயர் தந்த கொராடோ ஜினியும், அவருடைய சகா லூயிஜி கல்வானியும் இத்தாலியின் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களிலிருந்து ஒரு மாதிரியை மட்டும் பாதுகாத்து வைக்க வேண்டியிருந்தது. அவர்கள் குலுக்கவில்லை. நாட்டின் 214 மாவட்டங்களில் 29ஐப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு விஷயங்களில் அந்த 29இன் சராசரி நாட்டின் சராசரியோடு பொருந்தும்படி கவனமாகக் கோத்தார்கள். பிறகு மற்ற விஷயங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது மாதிரி நாட்டோடு மோசமாக முரண்பட்டது. 29 பெரிய பெரிய துண்டுகளைக் கையால் பொறுக்கியதைவிட, சின்னச் சின்ன அலகுகளை அடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கிலும் குலுக்கி எடுத்திருக்க வேண்டும் என்று நெய்மன் காட்டினார். குலுக்கினால்தான் எவ்வளவு தவறு வரும் என்றாவது கணக்குப் போட முடியும். பொறுக்கி எடுத்ததற்கு அந்தக் கணக்கே கிடையாது.

நெய்மனிடம் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பி.வி. சுகாத்மே. அடுக்குக்குள் எவ்வளவு சிதறல் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் பங்கீட்டை எப்படிச் செய்வது என்ற நடைமுறைச் சிக்கலை அவர் 1935இல் எடுத்துக்கொண்டார். முதலில் ஒரு சிறு மாதிரியை எடுத்து, அதிலிருந்து சிதறலை உத்தேசமாகக் கணித்து, அதை வைத்துப் பங்கிட்டாலும் பெரும்பாலும் லாபம்தான் என்று காட்டினார். பிறகு இந்தியா திரும்பி, வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் புள்ளியியல் பிரிவில் இருந்து பயிர் அறுவடைப் பரிசோதனைகளுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆனார். இன்றும் வட்டம் அல்லது வட்டாரம் ஓர் அடுக்கு, அதற்குள் குலுக்கி எடுத்த கிராமங்கள், கிராமத்துக்குள் குலுக்கி எடுத்த வயல்கள், வயலுக்குள் குலுக்கி எடுத்த சதுரம் என்றுதான் அந்த ஏற்பாடு இறங்குகிறது.

ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கெடுக்க மூன்று சுலப வழிகள் உண்டு. முதலாவது, கூட்டும்போது மறந்துபோவது. மேலே 13 வாய்க்கால், 17 மானாவாரி என்று எடுத்தோம். அந்த முப்பதையும் நேராகக் கூட்டி முப்பதால் வகுத்தால் 19.8 மூட்டை என்று வரும். உண்மை 22.8. மானாவாரியை வேண்டுமென்றே அதிகம் எடுத்துவிட்டு, கூட்டும்போது அதை மறந்ததன் விலை மூன்று மூட்டை. ஒவ்வோர் அடுக்கின் சராசரியையும் தனித்தனியே கண்டு, அடங்கலில் உள்ள 60, 40 என்ற பங்கால் எடையிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, அடங்கலே பழசாகிப் போவது. வாய்க்கால் என்று எழுதியிருக்கும் வயல்களில் பலவற்றுக்குத் தண்ணீர் வந்து நாலு வருஷம் ஆகியிருக்கலாம். உண்மைப் பங்கு பாதிக்குப் பாதி ஆகிவிட்டிருக்க, வயல்களை இன்றைய பாசனப்படி அடுக்கில் சேர்த்துவிட்டுப் பழைய 60, 40 என்றே எடையிட்டால் சராசரி 1.8 மூட்டை கூடுதலாக வரும். முப்பது வயலுக்குப் பதில் முந்நூறு வயலை அறுத்தாலும் இந்த 1.8 நகராது. வாய்க்கால் என்று பதிவான வயலுக்குப் போய் 9 மூட்டையும் 11 மூட்டையும் எடை வரத் தொடங்கினால், அதாவது சீராக இருக்க வேண்டிய அடுக்குக்குள் திடீரென்று சிதறல் எகிறினால், சந்தேகப்பட வேண்டியது தராசை அல்ல, பதிவேட்டை.

அந்தச் சிதறலைப் பார்க்க வேண்டுமானால் அடுக்குக்குக் குறைந்தது இரண்டு வயலாவது வேண்டும் என்பதை மறப்பது மூன்றாவது. சிக்கனத்துக்காக அடுக்குகளை மேலும் மேலும் பொடியாக்கி, அடுக்குக்கு ஒரே வயல் என்று நிறுத்துபவர்கள் உண்டு. நம் ஆறு வயல் விளையாட்டில் செய்ததும் அதுதான். அங்கே எல்லா வயலும் தெரிந்ததால் தவறைக் கணக்கிட முடிந்தது. களத்தில் ஒற்றை வயலைப் பார்த்து அந்த அடுக்கு எவ்வளவு சீரானது என்று சொல்ல வழியே இல்லை.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் கயிற்றடியில் ஒரு தகராறு மிஞ்சும். கயிறு சரியாக ஒரு நெற்குத்தின் மேல் போகிறது. அதை அறுப்பதா, விடுவதா? அறுப்பவர் கை இயல்பாகச் சேர்த்துக்கொள்ளத்தான் பார்க்கும். சதுரம் சின்னதாக இருக்க இருக்க இந்தத் தாராளம் விளைச்சலைக் கூட்டிக் காட்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு நாலு மீட்டர் கயிறு. ஐந்து மீட்டர் சதுரத்தில் முக்கால் மீட்டர் சொச்சம்தான். மிகச் சிறிய சதுரங்கள் இப்படி விளைச்சலை மிகைப்படுத்துகின்றன என்பதைச் சுகாத்மே பல அளவுச் சதுரங்களை அறுத்து ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். எல்லா அடுக்கிலும் எல்லாச் சதுரமும் ஒரே பக்கமாகத் தவறினால், அடுக்குகளை எப்படிப் பிரித்தாலும் விலக்க வர்க்கச் சராசரிக்கு அது தெரியாது. அதனால்தான் தூரின் பாதிக்கு மேல் கயிற்றுக்கு உள்ளே இருக்கும் குத்தை மட்டும் அறுக்க வேண்டும் என்று விதி வைத்து, பரிசோதனை நாளில் ஒருவர் கயிற்றோரம் குனிந்து ஒவ்வொரு குத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.